பெட்டிக்குள் ஒரே வாசனை போதும்

கேள்வி: பீரோவைத் திறந்ததும் பழுப்பு நிறத்தில் சின்னப் பூச்சி ஒன்று பறந்தது. அடித்துவிட்டேன். என் ஸ்வெட்டர் தப்பித்ததா? (கோவை வாசகி)

பதில்: இன்னும் இல்லை. பறக்கிற அந்துப்பூச்சி எதையும் தின்பதே இல்லை. துணியைத் தின்பது அதன் புழு. பறந்தது பெரும்பாலும் ஆணாக இருக்கும். முட்டை சுமக்கிற பெண் அவ்வளவாகப் பறக்காது, மடிப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். ஒவ்வொன்றும் 40, 50 முட்டை வைக்கும். இன்றைக்கே ஸ்வெட்டரை வெளியே எடுத்து, காலரின் உள்பக்கத்தையும் அக்குளையும் கைமடிப்பையும் விரித்துப் பாருங்கள். வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடத்தைத்தான் புழு முதலில் தேடிப்போகும்.

கேள்வி: துணியைக் கடித்தது அந்தா, ராமபாணமா? எப்படித் தெரிந்துகொள்வது? (திருச்சி வாசகர்)

பதில்: துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளிம்பு தெளிவான துளை இருந்து, பக்கத்தில் சிலந்தி நூல் போல மெல்லிய குழாயும் மணல் போன்ற துகளும் கிடந்தால் அது அந்துப் புழு. அந்தத் துகள் புழுவின் எச்சம். துணி சிவப்பென்றால் துகளும் சிவப்பாக இருக்கும்.

ராமபாணம் துளைப்பதைவிடச் சுரண்டுவதுதான் அதிகம். துணியின் மேல்பரப்பு ஒழுங்கில்லாமல் தேய்ந்து, நைந்து, ஆங்காங்கே மஞ்சள் திட்டோடு இருக்கும். அதற்கு வேண்டியது கஞ்சி, பசை, காகிதம், அதோடு ஈரக்காற்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால் இதைப் பார்த்துவிட்டுத்தான் சூடத்தையோ வேப்பிலையையோ தொட வேண்டும்.

கேள்வி: என் கல்யாணப் பட்டுப் புடவையையும் மாமியாரின் கம்பளிச் சால்வையையும் ஒரே டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். அடியில் புடவை, மேலே சால்வை. நடுவில் ஒரு பூப்போட்ட கைக்குட்டையில் நாலு சூடமும் ஆறு பாச்சை உருண்டையும் முடிந்து வைத்தேன். மே மாதம் திறந்தால் முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. நான் எண்ணெயே வைக்கவில்லை! ஜரிகை கறுத்திருக்கிறது. சால்வையில் மூன்று துளை. என்ன செய்தேன் தப்பாக? (கும்பகோணம் வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மனசு கனத்துவிட்டது. புடவையை மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையோடு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கறை. சூடம் தனியாக இருந்தால் உருகாது. கல்லாக இருந்து நேரே ஆவியாகிப் போய்விடும். பாச்சை உருண்டையும் அப்படித்தான். இரண்டும் ஒன்றோடொன்று உரசினால் கதை மாறுகிறது. தனியாக 170 டிகிரிக்கு மேல் உருகும் சூடமும், 80 டிகிரியில் உருகும் பாச்சை உருண்டையும் கலந்தால், ஏறத்தாழ 32 டிகிரியிலேயே நீராகிவிடும். மே மாதத்துக் கும்பகோணத்தில் தகரப் பெட்டிக்குள் அதற்கு மேலேயே சூடு இருக்கும். ஓம உப்பையும் புதினா உப்பையும் கற்பூரத்தோடு குப்பியில் போட்டால் மூன்றும் கரைந்து தைலமாவதைச் சித்த மருந்துக் கடையில் பார்த்திருப்பீர்கள். உங்கள் கைக்குட்டைக்குள் நடந்ததும் அதே மாதிரியான வேலை. அந்த நீர், கைக்குட்டையின் சாயத்தையும் பெட்டித் தூசியையும் சேர்த்துக்கொண்டு முந்தானையில் இறங்கிவிட்டது.

அடுத்து சால்வை. சூடத்தின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது கீழ்நோக்கித்தான் இறங்கும். முடிச்சு நடுவில் இருந்ததால் வாசனை முழுக்கப் புடவைக்குப் போனது. காவல் அதிகம் வேண்டியிருந்த சால்வை, மேலே, மூடி இடுக்குக்குப் பக்கத்தில் தனியாக நின்றது. போன குளிர்காலத்தில் போர்த்தியதைத் துவைக்காமல் வைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. துளை கழுத்து படும் பக்கத்தில் என்றால் காரணம் அதுதான்.

மூன்றாவது ஜரிகை. இது பலருக்குத் தெரியாது. கம்பளியில் கந்தகம் உண்டு. மூடிய பெட்டிக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தக ஆவியை விடும். வெள்ளி அதில் கறுக்கும். அருங்காட்சியகங்களில் வெள்ளிச் சாமான் வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பளித் துணி விரிக்க மாட்டார்கள். நல்ல ஜரிகை வெள்ளி இழைமேல் தங்கப் பூச்சு. ஆக, பட்டும் கம்பளியும் ஒரே பெட்டியில் இருக்கவே கூடாது.

இப்போது வேலை. புடவையை நிழலில், காற்றோட்டமான அறையில், சுத்தமான வேட்டி விரித்து ஐந்தாறு நாள் போட்டு வையுங்கள். தண்ணீர் தொடாதீர்கள், இஸ்திரி போடவே போடாதீர்கள். சூடு பட்டால் கறை இழைக்குள் பதிந்துவிடும். சூடமும் உருண்டையும் ஆவியாகிப் போகிற பொருள்கள் என்பதால் கறையில் பெரும்பகுதி தானே மறையும். ஓரத்தில் நிற்கிற வளையம் சாயமும் தூசியும். அதை டிரை வாஷுக்குக் கொடுக்கும்போது, ‘எண்ணெய்க் கறை’ என்று சொல்லாமல், சூடமும் பாச்சை உருண்டையும் கலந்து உருகியது, கைக்குட்டைச் சாயமும் இருக்கிறது என்று முழுதாகச் சொல்லுங்கள். ஜரிகையைப் பற்பசை, எலுமிச்சை எதையும் வைத்துத் தேய்க்க வேண்டாம். தங்கப் பூச்சு மெல்லியது, கறுப்போடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

சால்வையை வெளியே கொண்டுபோய் உதறி, ஓரங்களை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, பாலிதீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி இறுக்கக் கட்டுங்கள். மைனஸ் 18 டிகிரிக்குப் போகிற உறைபெட்டியில் இரண்டு வாரம் இருக்கட்டும். ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ஐஸ் கட்டி வைக்கிற சின்ன அறை பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போகாது. இரட்டைக் கதவு பிரிட்ஜின் மேல் அறை போதும். வெளியே எடுத்த பிறகு பையை ஒருநாள் முழுக்கப் பிரிக்காதீர்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த கம்பளியில் ஈரம் பூத்துவிடும். முட்டையும் புழுவும் செத்த பிறகு, குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலில் அலசி, பிழியாமல், நிழலில் தட்டையாக விரித்து உலர்த்துங்கள்.

கேள்வி: அப்படியானால் சூடத்தை எப்படித்தான் வைப்பது? (சேலம் வாசகி)

பதில்: வெள்ளைப் பருத்தித் துணியில், சாயமே இல்லாத துணியில், சின்னப் பை தைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர டிரங்குப் பெட்டிக்கு நாலைந்து வில்லை போட்டுத் தொடங்கலாம். பையை நாடாவில் கட்டி மூடியின் உள்பக்கம் தொங்கவிடுங்கள், அல்லது எல்லாத் துணிக்கும் மேலே, ஒரு மடிப்பு வேட்டி போட்டு அதன்மேல் வையுங்கள். பட்டை அது தொடக் கூடாது. மாதம் ஒருமுறை பையை விரலால் அழுத்திப் பாருங்கள். வில்லை பாதியாகியிருந்தால் புதிது சேருங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். திறந்த அலமாரியில் வைத்த சூடம் அறைக்கு மணம் தரும், புழுவை ஒன்றும் செய்யாது.

சூடம் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே விளக்குப் பக்கம் அந்தப் பெட்டி வேண்டாம். குழந்தை கைக்கு எட்டவும் கூடாது. வாயில் போட்டால் வலிப்பு வரும் அளவுக்கு அது விஷம்.

கேள்வி: பாட்டி பச்சை வேப்பிலையைப் புடவை மடிப்புக்குள் வைப்பார். நானும் வைத்தேன், பழுப்புக் கறை விழுந்துவிட்டது. (மதுரை வாசகி)

பதில்: பச்சை இலையில் ஈரமும் நிறமும் இருக்கிறதே! இலையை நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள்; கையில் கசக்கினால் அப்பளம் போல நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். நொறுங்கியதை நெருக்கமான நெசவுள்ள பையில் போட்டு, புடவை மடிப்புக்குள் வைக்காமல் பெட்டி ஓரத்தில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொட்டிவிட்டுப் புதிது போடுங்கள். பழைய இலைத்தூளிலேயே வேறு வண்டு வரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேம்பில் பூச்சியைக் கட்டுப்படுத்துகிற முக்கியச் சத்து காற்றில் பரவாது. பூச்சி அதைத் தின்றால்தான் வேலை செய்யும். பையில் கட்டிய இலையைப் புழு தின்னப் போவதில்லை. சுத்தமான துணிக்கு வேப்பிலை கூடுதல் துணை, அழுக்குத் துணிக்கு அது காவல் ஆகாது. வேப்பெண்ணெய் மட்டும் எந்த வடிவிலும் உள்ளே போக வேண்டாம். பட்டில் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு.

கேள்வி: தேவதாருக் கட்டை? (சென்னை வாசகர்)

பதில்: நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மேல்நாட்டில் புகழ்பெற்ற ‘சிடார்’ பெட்டி வேறு மரம், அது ஜூனிபர் இனத்தது. அந்த மரத்தின் வாசனையும் இறுக்கமான பெட்டிக்குள் இருந்தால்தான், அதுவும் முட்டையிலிருந்து அப்போதே வந்த குட்டிப் புழுவைத்தான் கொல்லும். வளர்ந்த புழு அசையாது. எந்தக் கட்டையானாலும் வாசனை குறைந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் மறுபடி மணக்கும். மர எண்ணெய் கசிந்து பட்டை மஞ்சளாக்கும் என்பதால் கட்டையைத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: சூடமும் வேப்பிலையும் வைத்தும் ராமபாணம் ஓடுகிறது. (நாகர்கோவில் வாசகி)

பதில்: அது பெட்டிக்குள் குடியிருப்பதில்லை, சுவர் இடுக்கிலும் அலமாரிக்குப் பின்னாலும் இருந்து, மழைக்கால ஈரத்தில் இரவில் வந்து போகிறது. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். புடவையைச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள். மையும் ஒட்டும், காகிதமும் அதற்கு விருந்து. கஞ்சி போட்ட பருத்தியைப் பட்டோடு அடுக்காதீர்கள். பட்டைச் சுற்றுகிற மல்துணியைக்கூட இரண்டு மூன்று முறை அலசிக் கஞ்சி போன பிறகு பயன்படுத்துங்கள்.

எத்தனை இருக்கின்றன என்று தெரிய ஒரு வழி உண்டு. கண்ணாடி ஜாடியின் வெளிப்பக்கம் காகித டேப் ஒட்டி, உள்ளே ஒரு சிட்டிகை மைதா போட்டு பீரோ அடியில் இரவு வையுங்கள். டேப்பில் ஏறி உள்ளே இறங்கும். வழுக்கும் கண்ணாடியில் ஏறி வெளியே வரத் தெரியாது. காலையில் எண்ணலாம்.

கேள்வி: குழந்தையின் கம்பளிச் சட்டைக்குப் பாச்சை உருண்டை வைக்கலாமா? (வேலூர் வாசகி)

பதில்: கூடவே கூடாது. பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். துவைத்து நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பையில் கட்டுங்கள். அதற்கு வாசனையே தேவையில்லை.

கேள்வி: பட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது? (காஞ்சிபுரம் வாசகர்)

பதில்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெயில் காய்ந்த நாளில், நிழலில். பட்டுக்கு நேர் வெயில் ஆகாது, நிறமும் போகும், இழையும் பலவீனமாகும். பழைய மடிப்பிலேயே மடிக்காமல் இடம் மாற்றி மடியுங்கள். இல்லாவிட்டால் பூச்சியே வராமல் மடிப்பில் ஜரிகை உடையும். மழை பெய்கிற வாரத்தில் பெட்டியைத் திறக்காமல் விட்டுவிடுங்கள்.