இரண்டு நாளுக்கு ஒரு மாதமா?

கேள்வி: குருநகரில் வலையும் எஞ்சின் உதிரிப்பாகமும் விற்கிறேன். நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டிய வருமானவரி விவரத்திரட்டை ஜனவரி 2ஆம் திகதிதான் கொடுத்தேன். வரிப்பாக்கி 40,000 ரூபாய்தான். எவ்வளவு தண்டம் வரும்?

பதில்: வரியை விடக் கூடவாக வரும் தம்பி, கதிரையில் இருந்து வாசியுங்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், 178ஆம் பிரிவு, இரண்டு கணக்குப் போட்டுப் பெரியதை எடுக்கும். முதலாவது, வரிப்பாக்கியில் 5 சதவீதமும், பிந்திய ஒவ்வொரு மாதத்துக்கும் 1 சதவீதமும். மற்றது 50,000 ரூபாயும் மாதத்துக்கு 10,000மும். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம்தான். டிசம்பர் ஒன்று, ஜனவரியின் அந்த இரண்டு நாள் இன்னொன்று.

முதல் கணக்கில் 2,800, இரண்டாவதில் 70,000. டிசம்பர் 31இல் கொடுத்திருந்தால் 60,000. கடை பூட்டிப் புதுவருசம் கொண்டாடிய செலவு 10,000!

வட்டி வேறு புத்தகம். வரி கட்டவேண்டிய கடைசி நாள் செப்டெம்பர் 30. அங்கிருந்து மாதத்துக்கு 1.5 சதவீதம், இங்கும் அரைகுறை மாதம் முழு மாதமே. ஜனவரி 2இல் கட்டியிருந்தால் நாலு மாதம், குறைந்தது 2,400. கட்டாத வரிக்கான தண்டம் தனி.

ஆறுதல் ஒன்று உண்டு. பிந்திக் கொடுத்ததற்கான தண்டம் 4 இலட்சத்துக்கு மேல் போகாது. உங்கள் கணக்கில் அதை எட்ட 35 மாதம் வேண்டும். முயற்சிக்க வேண்டாம்.