'இயன்றதைக் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள்

கேள்வி: எங்கள் கல்லூரிக் கலை விழாவுக்கு உதவி கேட்டு, விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறைக்குக் கடிதம் கொடுத்தோம். 'தங்களால் இயன்றதைத் தாருங்கள்' என்று எழுதியிருந்தோம். 500 ரூபாய் தந்தார்கள். எங்கே தவறினோம்?
*– மாணவர், கருவேப்பிலங்குறிச்சி*

அந்த ஒரே வரியில்தான். கோயில் திருவிழா வசூல் நோட்டில் இருக்கும் வரி அது. அதைப் பார்த்ததும் முதலாளியின் கை 500க்குத்தான் போகும். நீங்கள் கேட்பது நன்கொடை அல்ல, விளம்பர இடம். இடத்துக்கு விலை சொல்ல வேண்டும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "பிப்ரவரியில் இரண்டு நாள் நடக்கும் எங்கள் விழாவின் நடனப் போட்டியைத் தங்கள் பெயரில் நடத்த 25,000 ரூபாய் வேண்டுகிறோம். இதில் மேடை, ஒலி, ஒளிக்கு 18,000, பரிசுகளுக்கு 7,000. பரிசுப் பொம்மைகளைத் தங்கள் பட்டறையிலிருந்தே வாங்கிக்கொள்கிறோம். மேடையின் பின்திரையிலும் அழைப்பிதழிலும் தங்கள் பெயர் இருக்கும். வாசலருகே இரண்டு நாளும் விற்பனைக்கு ஒரு ஸ்டால் தருகிறோம்."

7,000 ரூபாய் அவர் பட்டறைக்கே வியாபாரமாகத் திரும்புவதைக் கவனியுங்கள். பட்டறைக்காரருக்குப் பணத்தைவிடப் பொருளைக் கொடுப்பது எளிது. '7,000க்குப் பொம்மையாகவே தருகிறேன், மீதி 18,000 பணம்' என்றால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கொலு பொம்மையை வாங்குவது உங்கள் வகுப்புத் தோழனல்ல, அவன் அம்மா. 'ஆயிரம் மாணவர்கள் வருவார்கள்' என்பதைவிட, 'பரிசளிப்பு மாலைக்குப் பெற்றோர்கள் வருவார்கள்; சென்ற ஆண்டு வருகைப் பதிவேட்டின் நகல் இணைப்பில்' என்பது அவருக்குப் பயன்படும். பதிவேடு இல்லாவிட்டால் எண்ணிக்கையே எழுத வேண்டாம்.

கேள்வி: எப்போது போய்க் கேட்பது?

நவராத்திரிக்கு முன் வேண்டாம். சூளையும் ஆளும் ஓய்வில்லாமல் ஓடும் நேரம். விற்ற பணம் கைக்கு வந்த பின், நவம்பரில் போங்கள். பரிசில் விழாவின் சின்னம் வேண்டுமென்றால், அதை ஒட்டி மறுபடியும் சுட வேண்டியிருக்கும். ஜனவரி கடைசியில் போய்க் கேட்டால் அவரால் முடியாது.

கேள்வி: பெரிய நிறுவனங்களிடம் சிஎஸ்ஆர் நிதி கோடிக்கணக்கில் இருக்கிறதே, அதில் கேட்கலாமா?
*– மாணவி, நெய்வேலி*

சமூகப் பொறுப்பு நிதி என்பது 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவில் வருவது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை அதற்குச் செலவிட வேண்டும். ஆனால் தன் பொருளுக்கு விளம்பரப் பயன் தேடிச் செய்யும் ஸ்பான்சர் செலவை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்று விதியே சொல்கிறது. 'சிஎஸ்ஆர் நிதியிலிருந்து தாருங்கள், மேடையில் உங்கள் பேனர் கட்டுகிறோம்' என்று ஒரே கடிதத்தில் எழுதினால், இரண்டாம் பாதி முதல் பாதியைக் கெடுத்துவிடும். கடிதத்தை விளம்பரப் பிரிவுக்கோ மக்கள் தொடர்புப் பிரிவுக்கோ அனுப்புங்கள். பெரிய இடமென்றால் ஆண்டு விளம்பரச் செலவுத் திட்டம் முன்பே முடிவாகியிருக்கும். சில மாதம் முந்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு கம்பெனி 40,000 தருவதாகச் சொல்லி 39,200தான் அனுப்பியது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. 800 ரூபாய், 2 சதவீத வருமான வரிப் பிடித்தம். கல்லூரி விழாவில் பேனர் கட்டி விளம்பரம் பெறும் ஸ்பான்சர் ஒப்பந்தம், விளம்பர வேலைக்கான ஒப்பந்தமே என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1995லேயே சுற்றறிக்கையில் விளக்கிவிட்டது. ஒரே தவணையில் 30,000 ரூபாயைத் தாண்டினால் கம்பெனி பிடித்துத்தான் தர வேண்டும். அந்த 800 கல்லூரியின் பான் எண்ணில் வரவாகியிருக்கும். கல்லூரிக் கணக்கர் ஆண்டுக் கணக்கில் காட்டிக்கொள்வார். பான் எண் கொடுக்கவில்லையென்றால் 20 சதவீதம், அதாவது 8,000 போயிருக்கும்! ஆகவே கடிதத்தின் அடியிலேயே கல்லூரியின் வங்கிக் கணக்கும் பான் எண்ணும் இருக்கட்டும். மாணவர் செயலாளரின் செல்போன் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால், ஒழுங்காகக் கணக்கு வைக்கும் எந்த நிறுவனமும் பின்வாங்கிவிடும்.

கேள்வி: நடனப் போட்டிக்கு ஒரு பட்டறை ஒப்புக்கொண்டது. இன்னொரு பொம்மைப் பட்டறையும் 10,000 தருகிறது. வாங்கலாமா?

முதலில் ஒப்புக்கொண்டவருக்கு 'பொம்மைப் பட்டறை நீங்கள் ஒருவர்தான்' என்று எழுதிக் கொடுத்திருந்தால், கூடாது. எழுதாவிட்டாலும் அவரிடம் கேட்ட பிறகே வாங்குங்கள். பட்டறைகள் ஒரே தொழிற்பேட்டையில் அடுத்தடுத்து இருக்கின்றன. மாலைக்குள் செய்தி போய்விடும்.

கேள்வி: விழா முடிந்ததும் நன்றிக் கடிதம் போதுமா?

போதாது. பேனர் தெரியும் புகைப்படங்கள், அழைப்பிதழ் ஒன்று, 25,000 எதற்குச் செலவானது என்ற ஒரு பக்கக் கணக்கு, ரசீது ஆகியவற்றை ஒரு வாரத்துக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஸ்டாலில் எவ்வளவு விற்றது என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு எவ்வளவு கேட்கலாம் என்பதை அந்தத் தொகை சொல்லும்.