தகுதிகாண் பருவமும் இரண்டு பேரிங்கும்

குத்தம்பாக்கத்தில் புதுப் பேருந்து முனையக் கட்டடத்துக்குச் சற்று தள்ளி, தகட்டுப் பாகங்கள் அடிக்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் எழுத்து வேலை பார்க்கிறேன். சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ., முதலாளியின் மைத்துனருக்கு ரயில் டிக்கெட் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். செப்டம்பர் கடைசியில் ஒருநாள் முதலாளி எட்டிப் பார்த்து, "ஸ்டோர்ஸ் பையனுக்கு ஆறு மாசம் முடிஞ்சுதாம். பழைய கன்ஃபர்மேஷன் லெட்டர்ல பேரை மாத்திக் குடுத்துருங்க" என்றார்.

பழைய லெட்டர் மூன்று வரி. தங்கள் பணி திருப்திகரமாக இருந்ததால் நிரந்தரம் செய்கிறோம், இனியும் கடமையைச் செவ்வனே ஆற்றுவீர்கள் என எதிர்பார்க்கிறோம், இப்படிக்கு. வெல்டருக்கும் இதுதான், வாட்ச்மேனுக்கும் இதுதான். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் டிரைவருக்குக் கொடுத்தபோது பெயரை மாற்றினார், பதவியை மாற்றவில்லை. அதனால் எங்கள் டிரைவர் இன்றுவரை நிரந்தர வெல்டர். லேமினேட் போட்டு வைத்திருக்கிறார்.

இந்த முறை ஒழுங்காக எழுதுவது என்று உட்கார்ந்தேன். முதல் சிக்கல் தேதி. பையன் மார்ச் 3-ஆம் தேதி சேர்ந்தான். ஆறு மாதம் செப்டம்பர் 2-ஆம் தேதியே முடிந்துவிட்டது. முதலாளியோ அக்டோபர் 1 என்று போடச் சொன்னார். காரணம், நிரந்தரமானால் மாதம் 1,500 ரூபாய் கூட. செப்டம்பர் 3-லிருந்து போட்டால் இருபத்தெட்டு நாளுக்கு 1,400 ரூபாய் பாக்கி கொடுக்க வேண்டும்.

"லெட்டர் குடுக்க லேட் பண்ணது நாமதானே சார்? கடிதத்துல இன்னைக்குத் தேதி இருக்கட்டும். ஆனா எந்தத் தேதியிலேர்ந்து நிரந்தரம்ங்கிறதைத் தனியா எழுதணும். அது செப்டம்பர் 3" என்றேன்.

"லெட்டரே குடுக்கலைன்னா என்ன ஆகும்?" என்றார். சட்டத்தை இவ்வளவு ஆழமாக அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

என்ன ஆகும் என்பது வேலைக்குச் சேர்த்த உத்தரவின் வாசகத்தைப் பொறுத்தது. பஞ்சாப் கல்விப் பணியில் இருந்த தரம் சிங் என்பவரின் வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயம் சொன்னது. தகுதிகாண் பருவம் எத்தனை நீட்டித்தாலும் மொத்தம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்று அங்கே விதி இருந்தது. தாண்டியும் வேலை வாங்கியிருந்தால், கடிதம் இல்லாவிட்டாலும் அவர் நிரந்தரமானதாகத்தான் கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பு. அப்படி உச்சவரம்பு இல்லாமல், 'எழுத்து மூலம் உறுதி செய்யும் வரை தொடரும்' என்று இருந்தால் கதை வேறு. நாள் கடந்தாலும் ஆள் தகுதிகாண் பருவத்திலேயேதான் நிற்பார். பையனின் உத்தரவை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது ரகம்.

"அப்போ ஆறு வருஷம் குடுக்காம இருக்கலாமா?" என்று முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இருபத்து நான்கு மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்கியே தீர வேண்டும். ஆனால் அது ஐம்பது பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளுக்கு. நாங்கள் முப்பத்தெட்டு பேர். இதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தை அப்படியே விட்டுவைப்பது ஆபத்து என்பதால் அடுத்ததையும் சொன்னேன்: கடிதம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. கிராஜுவிட்டிக்கு ஆண்டுக் கணக்கும் மார்ச் 3-லிருந்துதான். 'கன்ஃபர்ம் ஆனதும் பி.எஃப். பிடிப்போம்' என்று நசரத்பேட்டை முதல் இருங்காட்டுக்கோட்டை வரை சொல்லாத வாய் இல்லை. அது சட்டத்தில் இல்லை. அந்த 1,500-ஐத் தவிர மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முதலாளிக்கு ஆராய்ச்சியில் ஆர்வம் போய்விட்டது. செப்டம்பர் 3 என்றே போட்டேன்.

அடுத்தது காரணம். 'திருப்திகரம்' என்று எழுதினால் படிக்கிறவனுக்கு எது பிடித்தது என்று தெரியாது. எதைத் தொடர்ந்து செய்ய வேண்டும் என்றும் தெரியாது. ஸ்டோர்ஸ் வேலைக்கு அளவுகோல் கையிலேயே இருக்கிறது: அலமாரியில் உள்ள சரக்கும் பின் கார்டில் எழுதிய இருப்பும் ஒத்துப்போக வேண்டும். ஏப்ரல் கணக்கெடுப்பில் நானூறு ஐட்டத்தில் அறுபத்திரண்டு ஒத்துப்போகவில்லை. ஆகஸ்டில் ஒன்பது. இதை அப்படியே எழுதினேன். ஜூலையில் வந்த தகட்டுச் சுருள் பில்லில் இருந்ததைவிட 140 கிலோ குறைவு என்பதை எடை மேடைச் சீட்டை வைத்துப் பையன் கண்டுபிடித்ததையும், சப்ளையரிடம் கிரெடிட் நோட் வாங்கியதையும் எழுதினேன்.

முதலாளி படித்துவிட்டு, "நல்ல உழைப்பாளி, அமைதியான சுபாவம், பெரியவங்ககிட்ட மரியாதை, இதையும் சேருங்க" என்றார். சேர்க்கவில்லை. கல்யாணப் பத்திரிகை ஜாதகம் மாதிரி ஆகிவிடும். அதோடு, சுபாவத்தைக் காரணமாக எழுதினால் அடுத்த ஆளுக்கு மறுக்கும்போதும் சுபாவத்தைத்தான் எழுத வேண்டி வரும். அமைதியாக இல்லாத ஆள் அமைதியாக வக்கீல் வீட்டுக்குப் போவார்.

கடைசிப் பகுதி, இனிமேல் என்ன எதிர்பார்க்கிறோம் என்பது. 'மேற்கண்டவற்றில் தவறினால் இந்த உத்தரவு ரத்தாகும்' என்று ஒரு வரி வேண்டும் என்றார் முதலாளி. கொடுத்ததை அதே கடிதத்தில் பிடுங்கினால் அது நிரந்தரம் இல்லை, இரண்டாவது தகுதிகாண் பருவம். நிரந்தரமான ஆள் தவறினால் நோட்டீஸ், விளக்கம், விசாரணை என்று வழி இருக்கிறது. அதைக் கடிதத்தில் சுருக்க முடியாது என்றேன். அவர் பெருமூச்சு விட்டார்.

எதிர்பார்ப்பு இரண்டே இரண்டுதான் எழுதினேன். ஒன்று, ஆறு மாதமாக நகராத சரக்கின் பட்டியலை மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் தர வேண்டும். இரண்டாவதில்தான் வில்லங்கம். மிச்சமிருந்த ஒன்பது வித்தியாசத்தை நோண்டிப் பார்த்ததில் ஏழு ஒரே ரகம்: இஷ்யூ ஸ்லிப் இல்லாமல் வெளியே போன சரக்கு. வாங்கிப் போனவர் யார் என்று பையனிடம் கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் முதலாளியின் அறைக்கதவைப் பார்த்தான்.

அதனால் இப்படி எழுதினேன்: 'கேட்பவர் யாராக இருந்தாலும், இஷ்யூ ஸ்லிப்பில் கையெழுத்தும் ஜாப் நம்பரும் இல்லாமல் ஸ்டோர்ஸிலிருந்து எந்தப் பொருளும் வெளியே போகக் கூடாது.'

முதலாளி பேனாவைத் திறந்து, படித்து, மூடினார்.

"யாராக இருந்தாலும்னா?"

"சூப்பர்வைசரைத்தான் சார் சொல்றேன்."

"அவனைச் சொல்லணும். ரொம்ப ஆடுறான்" என்று கையெழுத்துப் போட்டார். பையன் கடிதத்தை இரண்டு முறை படித்து, நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தான். டிரைவர் எட்டிப் பார்த்து, தன் கடிதத்தைவிட நீளமாக இருப்பதாகக் குறைபட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து முதலாளி ஸ்டோர்ஸ் ஜன்னலில் நின்று 6203 பேரிங் இரண்டு கேட்டார். பையன் எழுந்து நின்று மரியாதையாக ஸ்லிப் புத்தகத்தை நீட்டினான். முதலாளி கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"ஜாப் நம்பர் சார்?"

வீட்டுத் தண்ணி மோட்டாருக்கு ஜாப் நம்பர் கிடையாது. முதலாளி என் மேஜைப் பக்கம் திரும்பினார். எனக்கு அந்த நேரம் பார்த்து மைத்துனரின் டிக்கெட் வேலை வந்துவிட்டது.