வெட்டிய வரிகள்

சோழிங்கநல்லூரில் மென்பொருள் சோதனை வேலை பார்க்கும் என் அக்கா மகளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கம்பெனிகளிலிருந்து ஆஃபர் வந்தது. இரண்டாவதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டாள். முதலாவதற்கு ‘வரவில்லை’ என்று எழுத வேண்டும். எழுதியதை எனக்கு அனுப்பி, “மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க” என்றாள். இரண்டு பக்கம் இருந்தது. ஒன்றே முக்கால் பக்கத்தை வெட்டினேன். மிஞ்சியது இதுதான்:

“மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். மூத்த சோதனைப் பொறியாளர் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு மனமார்ந்த நன்றி. நன்கு யோசித்து வேறொரு நிறுவனத்தின் பணியை ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஆகவே தங்கள் வாய்ப்பை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன். பணப்பரிமாற்றச் செயலிகளைச் சோதிப்பது பற்றித் தங்கள் குழுத் தலைவருடன் பேசியது எனக்கு மிகவும் பயன்பட்டது. நீங்கள் இருவரும் எனக்காக ஒதுக்கிய நேரத்துக்கு நன்றி. பின்னாளில் பொருத்தமான பணி அமைந்தால் மீண்டும் பேச விரும்புகிறேன்.”

அவ்வளவுதான். எந்தப் பணி, வரவில்லை என்ற முடிவு, ஒரு வரிக் காரணம், ஒரு உண்மையான நன்றி, திறந்த கதவு. ஏற்றுக்கொண்ட கம்பெனியின் பெயரோ சம்பளமோ அதில் இல்லை. தொகையைச் சொன்னால் அடுத்த பத்தாவது நிமிடம் போன் வரும்: “மேடம், நாங்க இன்னும் பத்து பர்சன்ட் பார்க்கலாமே?” போன வாரம் கரடியாய்க் கத்திக் கேட்டபோது ‘பட்ஜெட்டே அவ்வளவுதான்’ என்றவர்கள். வராதவளுக்கு மட்டும் பணம் முளைக்கும் மண் அது.

கடிதத்தில் வெட்டியதைப் பத்திரிகையில் போடுவதில் தடையில்லை. அவள் சம்மதத்தோடு, வெட்டிய வரிகள் சில.

“பதினைந்து லட்சம் என்று சொன்னீர்கள். அதில் என் கைக்கு வருவது எது, உங்கள் கற்பனை எது என்று கால்குலேட்டர் வைத்துத்தான் பிரிக்க முடிந்தது.”

இது வெறும் கோபமில்லை, கணக்கு. பதினைந்தில் 2 லட்சத்து 25 ஆயிரம் ‘வேரியபிள்’. கம்பெனி லாபம் பார்த்து, மேனேஜர் மனம் குளிர்ந்து, ரேட்டிங் நன்றாக விழுந்தால் வரும். சேரும்போது ஒரு முறை தரும் போனஸ் 1 லட்சம். ஒரு வருடத்துக்குள் கிளம்பினால் திருப்பிக் கட்ட வேண்டும். அதாவது சம்பளம் என்று பெயர் சூட்டிய கடன். கம்பெனி செலுத்தும் பிஎஃப் பங்கு, ஐந்து வருடம் இருந்தால் மட்டுமே கைக்கு வரும் கிராஜுவிட்டிக்கான ஒதுக்கீடு, இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் சேர்ந்து இன்னொரு 1 லட்சத்து 20 ஆயிரம். இவற்றைக் கழித்து 12-ஆல் வகுத்தால் மாதம் 87 ஆயிரம் சொச்சம். அதிலிருந்துதான் அவளுடைய பிஎஃப் பிடித்தமும் வருமான வரியும் போக வேண்டும். இரண்டாவது கம்பெனி சொன்னது 13 லட்சம். வேரியபிள் இல்லை, சேரும் போனஸும் இல்லை. அதே 1 லட்சத்து 20 ஆயிரத்தைக் கழித்தால் மாதம் 98 ஆயிரம் சொச்சம். இரண்டு லட்சம் ‘குறைவான’ சம்பளத்துக்குப் போகிறவளுக்கு மாதம் பத்தாயிரம் சொச்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. இந்த வித்தையை மேடையில் காட்டினால் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள். இங்கே சிடிசி என்று பெயர் வைத்து லெட்டர்ஹெட்டில் அச்சடித்துவிட்டார்கள்.

“உடனே சேர்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும் என்று விளம்பரம் போடுகிறீர்கள். உங்களிடமிருந்து யாராவது கிளம்பினால் 90 நாள் பிடித்து வைக்கிறீர்கள். இம்மீடியட் ஜாயினர் என்பவர் எந்த மரத்தில் காய்க்கிறார்?”

இதை வெட்டும்போது கை வலித்தது. ஐ.டி. துறையில் பல பெரிய கம்பெனிகளின் நோட்டீஸ் காலம் மூன்று மாதம். ஆனால் ஆள் எடுக்கும்போது எல்லோருக்கும் நாளைக்கே வந்து உட்காரும் ஆள் வேண்டும். அதனால் கையில் ஆஃபர் இல்லாமலே ராஜினாமா செய்துவிட்டு, நோட்டீஸ் ஓடும்போதே வேலை தேடும் ஒரு தலைமுறையை உருவாக்கியிருக்கிறார்கள். அந்த மூன்று மாதத்தில் ஒரு ஆஃபர் வந்தாலும் அது கடைசி வரை நிற்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே இன்னொன்றையும் தேடி வைக்கிறார்கள். உடனே மனிதவளத் துறைக்காரர்கள் நெஞ்சில் கை வைத்து ‘ஆஃபர் ஷாப்பிங்’, ‘நேர்மையே இல்லாத தலைமுறை’ என்று லிங்க்டுஇன்னில் பிரசங்கம் செய்கிறார்கள். சந்தையைத் திறந்து வைத்தவர்களே, கடைக்கு வந்தவனைப் பார்த்துக் கேட்கிறார்கள்: ஏனப்பா விலை விசாரிக்கிறாய்?

“உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், காரணம் சொல்லாமல் இந்த ஆஃபரை எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்று பொடி எழுத்தில் இருக்கிறது. என் கையில் அப்படி ஒரு பொடி எழுத்து இருந்தால் காட்டுங்கள்.”

அவளுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவளுக்கு இருப்பது நாகரிகம். நன்றி சொல்லி, வருந்தி, வணங்கி விலக வேண்டும். கம்பெனி விலகும்போது என்ன நடக்கும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று கடிதம் கொடுத்துவிட்டுக் காக்க வைத்திருந்த புதிய பட்டதாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. 3.5 லட்சத்துக்கு வரத் தயாரா என்று கேட்டது. கிட்டத்தட்டப் பாதி. இதற்கு அரை வருடம் முன்புதான் அதே கம்பெனியின் தலைவர் ரிஷாத் பிரேம்ஜி, ஊழியர்கள் இரண்டாவது வேலை பார்ப்பது அப்பட்டமான ஏமாற்று வேலை என்று ட்விட்டரில் சொல்லியிருந்தார். போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை வெளியே அனுப்பியதும் அதே 2022-ல்தான். ஊழியன் இரண்டு வேலை பார்த்தால் ஏமாற்று. ஒரே வேலைக்குக் கம்பெனி இரண்டு சம்பளம் சொன்னால்? அது ‘மாறிவரும் வணிகச் சூழல்’.

2025 பிப்ரவரியில் மைசூரு இன்ஃபோசிஸ் வளாகம். 2022-ல் ஆஃபர் வாங்கி, இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து சேர்ந்தவர்களும் அடங்கிய பயிற்சியாளர்களில் 300-க்கும் மேற்பட்டோர் உள்தேர்வில் தேறவில்லை என்று வெளியே அனுப்பப்பட்டார்கள். மூன்று வாய்ப்பு கொடுத்தோம், அந்த நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றது கம்பெனி. இருக்கலாம். பொறியியல் பட்டம் முடித்த பிள்ளை இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தானே, அந்தக் காத்திருப்புக்கு எந்த ஒப்பந்தத்தில் நிபந்தனை போட்டிருக்கிறது?

வெட்டியதில் ஒரு வரி மட்டும் வேறு வகை. “என் பாட்டிக்கு உடல்நலம் சரியில்லாததால் வெளியூர் வேலையை ஏற்க முடியவில்லை.” அவள் பாட்டி என்றால் என் அம்மா. காலையில் இரண்டு இட்லி கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஏன் எழுதினாய் என்றேன். “எல்லாரும் இப்படித்தான் மாமா எழுதுறாங்க. பிளாக்லிஸ்ட் பண்ணிடுவாங்களாம்.” பழைய மகாபலிபுரம் சாலையில் இந்தக் கணக்கில் நோயில் விழுந்த பாட்டிகளைக் கூட்டினால் ஒரு மருத்துவக் கல்லூரியே கட்டலாம். பொய்க் காரணம் நிற்காது. அடுத்த மாதம் அவளே புதிய வேலையைப் பற்றி நாலு பேர் பார்க்கும்படி பதிவு போடுவாள். பார்க்கும் நாலு பேரில் ஒருவர் இந்த மேடமாக இருப்பார். ‘வேறொரு பணியை ஏற்றுக்கொண்டுவிட்டேன்’ என்பதே போதும். அதில் பேரம் பேசவும் இடமில்லை, பிடிபடவும் எதுவுமில்லை.

அவளுடைய அந்தப் பயம்தான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. அவள் இந்தக் கம்பெனியின் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை, ‘அக்செப்ட்’ பொத்தானைக்கூட அழுத்தவில்லை. அழுத்தியிருந்தாலும் ஒருத்தியை அவள் விருப்பத்துக்கு மாறாக வேலைக்கு வந்து உட்கார் என்று எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. தனிநபரின் உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படி நிறைவேற்ற வைக்க 1963-ம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் இடம் தருவதில்லை. இது தெரியாத பிள்ளைகளிடம்தான் ‘லீகல் நோட்டீஸ்’ என்ற இரண்டு சொற்கள் இத்தனை வருடமாக நல்ல விலைக்குப் போகின்றன.

கடிதத்தில் நான் சேர்த்த கடைசி வரியில்தான் எங்களுக்குள் சண்டை. “பின்னாளில் மீண்டும் பேச விரும்புகிறேன்னு ஏன் எழுதணும்? நான் விரும்பல” என்றாள். ‘உங்கள் விவரங்களை எதிர்கால வாய்ப்புகளுக்காகப் பத்திரப்படுத்தி வைக்கிறோம்’ என்று அவர்கள் நிராகரிப்புக் கடிதத்தில் எழுதுகிறார்களே, அந்த வாக்கியத்தின் தங்கைதான் இது, அவர்கள் சரக்கை அவர்களுக்கே அனுப்பு என்றேன். சிரித்தாள், மசியவில்லை. பிறகு உண்மையைச் சொன்னேன். நீ ஏற்றுக்கொண்ட இரண்டாவது வேலையும் இன்றைக்கு வெறும் காகிதம். உன் பழைய கம்பெனிகளிலெல்லாம் விசாரித்து முடிக்க வேண்டும். சேரும் தேதி வரைக்கும் அவர்களுடைய வெளிநாட்டு வாடிக்கையாளர் பிராஜெக்ட்டை நிறுத்தாமல் இருக்க வேண்டும். உன் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும்வரை எதுவும் நிச்சயமில்லை. அப்புறம், உன்னை நேர்காணல் செய்த குழுத் தலைவர் நல்ல மனிதர் என்று நீயே சொன்னாய். அவர் மட்டும் அங்கேயே இருந்து ரிட்டயர் ஆகப்போகிறாரா? நாளைக்கு வேறு கம்பெனியில் உன் பெயரைப் பார்த்து அவரே கூப்பிடலாம். அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுது, மனசார எழுது.

எழுதினாள். பதில் சொல்ல அவர்கள் கொடுத்த கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போதே அனுப்பினாள். சேரும் தேதியன்று காலையில் போனை அணைத்துவிட்டு மறைகிறவர்களும் உண்டு. அவர்களை நான் மெச்சவில்லை. ஆனால் அந்தப் பாடத்தை எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஐந்து சுற்று நேர்காணல் நடத்திவிட்டு ஒரு வரி பதில்கூடப் போடாத பள்ளி அது.

குழுத் தலைவர் அன்றைக்கே வாழ்த்துச் சொல்லிப் பதில் போட்டார். மேடத்திடமிருந்து எதுவும் வரவில்லை. போன் வந்தது இடையில் இருந்த கன்சல்டன்சிக்காரரிடமிருந்து. அவர் கத்தினார், அதற்குக் காரணம் இருந்தது. இந்தத் தொழிலில் வழக்கமான கமிஷன் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். அதுவும் ஆள் சேர்ந்த பிறகுதான். அவர் கண்முன்னே ஒன்றேகால் லட்சம் பறந்துகொண்டிருந்தது. “இனிமே இந்தக் கம்பெனி பக்கமே நீங்க தலைவைக்க முடியாது மேடம். உங்க பேர் பிளாக்லிஸ்ட்ல போயிடும்” என்றார்.

ஒன்பது நாள் கழித்து இன்னொரு கன்சல்டன்சியிலிருந்து ஒரு பெண் பேசினார். அதே கம்பெனி, அதே பணி, அதே குழு. அவசரத் தேவையாம், பட்ஜெட் பதினேழு வரைக்கும் போகலாமாம். உங்கள் ப்ரொஃபைல் அச்சு அசலாகப் பொருந்துகிறது மேடம், ஒரே ஒரு கேள்விதான் என்றார்.

“நீங்க இம்மீடியட் ஜாயினரா?”