தையில் கூப்பிட்ட மழை

எங்கள் பக்கத்தில், காவிரி ஊரெல்லாம் சுற்றிக் களைத்துப்போய்க் கடலுக்கு முன்னால் வந்து சேர்கிற தலைஞாயிறுப் பகுதியில், எழுபதுகளின் கடைசியில் பொங்கல் விழா என்றால் உறியடிக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் நடுவே ஒரு கவியரங்கம் கட்டாயம் இருக்கும். மீசை சரியாக முளைக்காத அடியேன் அதில் ஏறி, 'மேகமே வா, முத்துமுத்தாய்க் கொட்டு' என்று இரண்டு பக்கத்துக்கு மழையை அழைத்தேன். கைதட்டல் வந்தது, கூடவே முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பும். அறுவடைக்கு நிற்கிற சம்பாவைச் சுற்றி வைத்துக்கொண்டு மேடையில் ஒருவன் மழையைக் கூப்பிட்டால் யாருக்குத்தான் வயிறு கலங்காது? வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "எந்த மாசத்து மழைடா அது? தையில பெஞ்சா கதிரெல்லாம் சாஞ்சு வயல்லயே முளைச்சிடுமே!" கவிதைக்கு மாதம் உண்டு என்பது அப்போது நான் புரட்டியிருந்த எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லாததால் நான் அவரை ரசனையற்றவர் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த நாளில் மேட்டூர் நீர்மட்டம் வானொலியில் வரும். டீக்கடையில் கிளாஸ் சத்தம்கூட நின்றுபோகும். நூறு அடி என்று கேட்டால் ஒருவர் இன்னொரு டீ சொல்வார், அந்தச் சந்தோஷத்துக்கு நாலணாதான் செலவு. இப்போது மேட்டூரின் மட்டம், வரத்து, வெளியேற்றம் எல்லாம் பல் விளக்குமுன் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. தகவல் கடைமடை வரைக்கும் வருகிறது, தண்ணீர்தான் வழியில் எங்கோ நின்றுவிடுகிறது.

2016-இல் அப்படித்தான் நின்றது. ஜூன் 12-இல் திறக்க வேண்டிய அணையைச் செப்டம்பர் 20-இல் திறந்தார்கள். குறுவை போனது, சம்பாவுக்கு நாற்றுவிட வாய்க்காலை நம்ப முடியாமல், ஆவணிக் கடைசியிலேயே ஆறு மாவிலும், அதாவது இரண்டு ஏக்கரில், புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்தோம். அந்த வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு என்றார்கள் பிறகு. எனக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது: மேலுரம் போட வாங்கிய யூரியா மூட்டை திண்ணையிலேயே கிடந்தது. ஈரமில்லாத மண்ணில் யூரியாவை இறைத்துப் பிரயோஜனமில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து அது கட்டியாகிவிட்டது.

கடனும் மாறித்தான் போயிருக்கிறது. அப்பா காலத்தில் பெரிய வீட்டில் வாங்கினால் களத்திலேயே நெல்லாக அளந்துகொள்வார்கள். அவமானம் உண்டு, ரசீது கிடையாது. எனக்கு ரசீது உண்டு. வீட்டுக்காரியின் சங்கிலியை அடகு வைத்தேன்; வருஷம் முடிந்ததும் வட்டி கட்டக் கையில் இல்லை; தங்கம் விலை ஏறியிருந்ததால் அதே சங்கிலியைக் கூடுதல் தொகைக்குத் திருப்பி வைத்து, அந்தக் கூடுதலிலேயே வட்டியைக் கட்டினேன். சங்கிலி ஒரு குண்டுமணிகூடக் கூடவில்லை, கடன் கூடியது. தங்கம் விலை ஏறினால் சந்தோஷப்படும் ஏழை என்னைப்போல் எத்தனை பேரோ! பயிர்க் காப்பீடும் இருந்தது: 25,000 ரூபாய்க்கு ஒன்றரை சதவீதம், 375 ரூபாய். என் வயல் கருகினால் போதாது. ஊரில் அறுத்துப் பார்க்கும் மாதிரி வயல்களின் சராசரியும் கருக வேண்டும். அடுத்தவன் வயலைப் பார்த்து இப்படியும் ஒரு ஆசை வரும் என்று இருபது வயதில் யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மார்கழியில் ஆடுகளை உள்ளே விட்டோம். முன்பெல்லாம் அறுவடைக்குப் பின் கிடை போட வரும் ஆடுகளுக்கு நாங்கள் கூலி கொடுப்போம், புழுக்கை உரத்துக்காக. இந்த முறை நின்ற பயிரையே தின்றன.

2017 ஜனவரியில் எல்லா மாவட்டமும் வறட்சி என்று அரசு அறிவித்தது. அதே பொங்கலுக்கு விழா மலர் போட்ட பையன்கள், "பெரியப்பா, நீங்க அந்தக் காலத்துக் கவிஞராமே" என்று வந்தார்கள். எழுதிக் கொடுத்தேன்:

ஆவணிப் புழுதியில் விதைத்தது
புரட்டாசித் தூறலில் முளைத்தது.
ஐப்பசி வந்தது, அடைமழை வரவில்லை.
வடக்கு வரப்போரம் கொஞ்சம் பச்சை,
நடுவயலில் இலை சுருண்டு ஊசி.
நண்டு வளையில் நண்டு இல்லை.
வெடிப்பில் அரிவாளை விட்டேன்,
பிடி வரைக்கும் போனது.
யூரியாவுக்கு வாங்கிய கடன் மட்டும்
தண்ணீரில்லாமல் தூர் கட்டுகிறது.

"கடைசியில கொஞ்சம் நம்பிக்கையா முடிங்களேன், பொங்கல் மலரு" என்றான் ஒருவன். மழையைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இந்தத் தையில கூப்பிட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான். கூப்பிடவில்லை. மலர் வந்தபோது என் கவிதைக்குக் கீழே அரைப் பக்கத்துக்கு நகைக்கடன் விளம்பரம், 'கிராமுக்கு அதிகத் தொகை' என்று. அச்சுச் செலவு அதில்தான் வந்ததாம். எழுத்துப்பிழை இல்லாமல் போட்டிருந்தார்கள்.