வாரம் நாலு மணி நேரம்

சேவை செய்யும் ஆசை மனிதர்களுக்குப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் வருகிறது. வியாசர்பாடியில் எங்கள் அறக்கட்டளை நடத்தும் மாலை வகுப்போ திங்கள் முதல் வெள்ளி வரை, சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை. ஞாயிறு காலை எங்கள் பிள்ளைகள் கால்பந்து மைதானத்தில் இருப்பார்கள். அவர்களைப் பந்திடமிருந்து பிரித்து உட்காரவைத்து, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேசிப் பார்த்தவர்கள் உண்டு. பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "முடிஞ்சிருச்சா அங்கிள், போலாமா?" என்பார்கள்.

கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இங்கே ஆபீஸ் பார்த்துக்கொள்கிறேன். ஆபீஸ் என்றால் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பீரோ, நான். அறக்கட்டளையின் வாட்ஸ்அப் எண்ணும் என் பொறுப்பு. தொண்டு செய்ய வருகிறேன் என்று சொல்லும் எல்லாச் செய்திகளும் முதலில் என் மூக்குக்கண்ணாடி வழியாகத்தான் போக வேண்டும்.

அவற்றில் பல ரகம். "ஹாய் சார், சர்வீஸ் பண்ணணும்" என்பதோடு நின்றுவிடுவது ஒரு ரகம். பதில் போட்டால் இரண்டு நீல டிக் விழும், பிறகு ஆளைக் காணோம். இன்னொரு ரகம் குரல் செய்தி. பஸ் சத்தத்துக்கு நடுவே ஒருவர் தன் பள்ளிப் பருவத்திலிருந்து ஆரம்பிப்பார். என்ன செய்யத் தெரியும் என்ற இடம் வரும்போது நடத்துனர் விசில் அடித்துவிடுவார். மூன்றாவது ரகம் பயோடேட்டா மட்டும் அனுப்புவது. அதில் அப்பா பெயர், ரத்தப் பிரிவு, பொழுதுபோக்கு எல்லாம் இருக்கும். எந்தக் கிழமை வருவார் என்பது மட்டும் இருக்காது.

என்னை அதிகம் படுத்துவது "எந்த வேலை கொடுத்தாலும் செய்யத் தயார்" என்ற வரிதான். படிக்கப் பணிவாக இருக்கிறது. ஆனால் எங்களிடம் 'எந்த வேலையும்' என்று ஒரு வேலை கிடையாது. ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும், நூலகப் புத்தகங்களுக்கு எண் போட வேண்டும், நன்கொடைப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். இவருக்கு இதில் எது வரும் என்று கண்டுபிடிக்க நான் நாலு கேள்வி கேட்க வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் "உங்க இஷ்டம் சார்" என்பார். கடைசியில் அவரை வைத்து வேலை வாங்குவதே எனக்கு ஒரு வேலையாகிவிடும்.

"எப்ப கூப்பிட்டாலும் வருவேன்" என்பவரும் அவருக்குச் சொந்தக்காரர்தான். எப்போது வேண்டுமானாலும் வருகிறவர் எப்போதும் வந்ததில்லை. நேரத்தை அளந்து சொல்கிறவரிடம் எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. வாரத்தில் தனக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று அவர் ஏற்கெனவே உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார்.

2024 பிப்ரவரிக் கடைசியில் அப்படி ஒரு செய்தி வந்தது. திருவொற்றியூரிலிருந்து ஒரு பெண் அனுப்பியிருந்தார்:

"வணக்கம் சார். பி.காம். முடித்துவிட்டு வேலை தேடுகிறேன். எக்ஸெலில் இரண்டு பட்டியலை ஒப்பிட்டு வித்தியாசம் எடுக்கத் தெரியும். டேலியில் வவுச்சர் போடுவேன். நன்கொடைக் கணக்கு பார்த்ததில்லை, ஒருமுறை காட்டினால் செய்வேன். செவ்வாய், வியாழன் மதியம் 3 முதல் 5 வரை வர முடியும். வாரம் 4 மணி நேரம், மே கடைசி வரை. ஆபீஸ் கணக்கில் அனுபவம் வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். முடிவில் செய்த வேலையைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தால் உதவியாக இருக்கும். நாளை போனில் பேசலாமா?"

எங்கள் அறக்கட்டளையைத் தொடங்கிய டீச்சரிடம் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. "என்ன சார், முதல்லயே லெட்டர் கேக்குது இந்தப் பொண்ணு? சேவை மனப்பான்மையே காணோமே?"

"சேவை மனப்பான்மையோட வந்த கடைசி மூணு பேர் எங்க டீச்சர்?" என்றேன்.

டீச்சர் கூரையைப் பார்த்தார். அவர்களும் நல்லவர்கள்தான். சேவைக்கென்றே வந்தவர்களுக்கு மூன்றாவது வாரத்தில் ஒரு கல்யாணம் வரும், நாலாவது வாரத்தில் காய்ச்சல் வரும். மனசு நிறைந்ததும் கிளம்பிவிடலாம், யாரும் கேட்க முடியாது. ஆனால் கடிதம் வேண்டும் என்று வருகிற பெண் மே மாதம் வரை வந்துதான் ஆக வேண்டும். அவருக்கு எங்களிடம் ஒரு காரியம் இருக்கிறது, எங்களுக்கும் அவரிடம் ஒன்று இருக்கிறது. இதைவிட நல்ல சம்பந்தம் அமையுமா?

எங்களுக்கு இருந்த காரியம் இது. அப்போதைய விதிப்படி, எங்களைப் போல 80ஜி அனுமதி பெற்ற அறக்கட்டளைகள் மார்ச்சோடு முடியும் நிதியாண்டில் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று 10பி.டி. என்னும் படிவத்தில் வருமான வரித் துறைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கெடு மே 31. தவறினால் ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம். அதைத் தாக்கல் செய்தால்தான் 10பி.இ. சான்றிதழ் வரும், அதை வைத்துத்தான் நன்கொடையாளர் வரிச்சலுகை கேட்க முடியும். சான்றிதழ் தாமதமானால், வருஷம் முழுக்க நம்மை மறந்திருந்த நன்கொடையாளர் ஜூலையில் தினமும் நினைத்துக்கொள்வார்.

அந்தப் பெண்ணின் நேரத்தை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மார்ச் 5 செவ்வாயில் தொடங்கினால் மே 23 வியாழனோடு பன்னிரண்டு வாரம். வாரம் நாலு மணி வீதம் 48 மணி நேரம். முதல் இரண்டு வாரம் நான் சொல்லிக்கொடுப்பதிலேயே போய்விடும். அந்த எட்டு மணியில் என் நேரமும் சேர்ந்து செலவு. மீதி 40 மணி நேரம். எங்கள் பட்டியலைத் துலக்க அது போதும், கெடுவுக்கு ஒரு வாரம் கையிலும் இருக்கும். வாரம் ஒரு மணி நேரம் வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் மொத்தமே பன்னிரண்டுதான். அதில் எட்டு பழகுவதற்கே ஆகிவிடும், பழகி முடிக்கும்போது ஏப்ரல் கடைசி வந்திருக்கும். அப்படிச் சொல்கிறவர்களைப் புத்தகங்களுக்கு எண் போடச் சொல்வேன். அது அரை மணியில் பிடிபடும் வேலை.

பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக் கேட்டிருந்தாலும் உடனே சரி சொல்லியிருக்க மாட்டேன். அதற்கு அடையாள அட்டை, தெரிந்த இரண்டு பேரின் தொலைபேசி எண், காவல்துறைச் சரிபார்ப்பு என்று ஒரு சடங்கு இருக்கிறது. முதல் மாதம் டீச்சர் கூடவே உட்காருவார். கணக்குக்கு அவ்வளவு இல்லை. அதற்கும் எல்லை வைத்தேன். பட்டியல் ஆபீஸ் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகக் கூடாது. வங்கிக் கடவுச்சொல்லும் வரித் துறைக் கடவுச்சொல்லும் அவர் கைக்குப் போகாது. தாக்கல் செய்வது எங்கள் அறங்காவலர் மட்டும். "அது எனக்கும் நல்லதுதான் சார்" என்றார் அந்தப் பெண். இந்த வயதில் இந்தத் தெளிவு எனக்கு இருந்திருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் பல கூட்டங்களில் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் ரசீதுப் புத்தகத்தைத் திறந்ததும் அவர் சற்று நேரம் பேசவில்லை. கார்பன் பிரதியில் 'ஆறுமுகம் அண்ணன்' என்று ஒரு நன்கொடையாளர். 'அம்மா நினைவாக' என்று இன்னொருவர். யாருடைய அம்மா என்று இல்லை. ஒரே மனிதர் வங்கிக் கணக்கில் ஒரு பெயராகவும், ரசீதில் இன்னொரு பெயராகவும், என் எக்ஸெலில் எழுத்துப்பிழையாகவும் மும்மூர்த்தியாக இருந்தார். பெயரை வைத்துச் சேர்க்க முடியாது, தேதியும் தொகையும் வைத்துச் சேர்ப்போம் என்றார் அந்தப் பெண். அன்று சாயங்காலத்துக்குள் மும்மூர்த்திகளும் ஒருவரானார்கள்.

அடுத்தது பான் எண். பத்து இடம் கொண்டது அது: முதலில் ஐந்து எழுத்து, பிறகு நாலு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. நன்கொடையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சைபர் வர வேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ'வைப் போட்டுவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆறாம் இடம் முதல் ஒன்பதாம் இடம் வரை எழுத்தே வராது என்பதால் அங்கே 'ஓ' இருந்தால் அது சைபர் என்று திருத்திவிடலாம். நாலாவது எழுத்து தனிமனிதருக்கு 'பி'. அதற்குப் பதில் 'சி' இருந்தால் அது கம்பெனியின் எண். ஒரு முதலாளி சொந்தப் பெயரில் நன்கொடை கொடுத்துவிட்டுக் கம்பெனி எண்ணை அனுப்பியிருந்தார். நான் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன். அந்தப் பெண் போன் செய்து, "சார், நீங்க கொடுத்தீங்களா, கம்பெனி கொடுத்துச்சா?" என்று கேட்டார். மறுமுனையில் வெகு நேரம் யோசனை. கடைசியில், "ஆடிட்டரைக் கேட்டுச் சொல்றேன்மா" என்று பதில் வந்தது.

மே 23 அன்று பட்டியல் சுத்தமாக இருந்தது. கெடுவுக்கு முன்பே அறங்காவலர் தாக்கல் செய்தார். கடிதம் மட்டும் பாக்கி. டீச்சர் தானே எழுதுவேன் என்று உட்கார்ந்தார். "இவர் தங்கமான பெண், பெரியவர்களிடம் மரியாதை மிக்கவர், எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று ஒரு பக்கம். படித்தால் பெண் பார்க்க வந்தவர்களிடம் கொடுக்கலாம் போலிருந்தது. வேலைக்கு எடுப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

நான் ஒன்று எழுதினேன்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணி நேரம், மொத்தம் 48 மணி நேரம், வங்கி அறிக்கையையும் ரசீதுகளையும் ஒப்பிட்டது, பான் எண் சரிபார்த்தது, 10பி.டி. படிவத்துக்கான பட்டியல் தயாரித்தது. அவர் அனுப்பிய செய்தியையே இறந்த காலத்துக்கு மாற்றியது போல இருந்தது.

அந்தப் பெண் படித்துவிட்டுப் பேனா கேட்டார். "48 இல்ல சார், 46. ஏப்ரல் 11 ரம்ஜான். ஆபீஸே திறக்கல."

திருத்தி வேறு பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். டீச்சரும் போட்டார். போட்டுவிட்டு, நான் கவரைத் தேடுகிற நேரம் பார்த்து, தன் கையெழுத்துக்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்துவிட்டார்: "தங்கமான பெண்."