ஒரு விரல் டீ

அதியமான்கோட்டையில் வளர்ந்தவனுக்குக் கவிதை எழுத வராவிட்டால் அது ஊருக்கே அவமானம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வருஷம் 1984. நெல்லிக்கனி கொடுத்தவனின் ஊர், வாங்கிக்கொண்டவள் ஒளவை, அவர்களுக்கு வாரிசு என்று சொல்லிக்கொள்ள என்னைவிடத் தகுதியான ஆள் அந்தத் தெருவில் யாரும் இல்லை என்பது என் எண்ணம். தகுதி என்றால் ஒரு நீள நோட்டு, பச்சை மை, எண்ணெய் வைக்காத தலை. இந்த மூன்றும் உங்களிடமும் ஒரு காலத்தில் இருந்திருக்கும், மறைக்க வேண்டாம்.

புதுக்கவிதை எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது அது அவ்வளவு புதியதாக இல்லை. ந. பிச்சமூர்த்தி மணிக்கொடியில் யாப்பை விட்டுவிட்டு எழுதியது 1934-இல். அந்தக் கவிதைக்குத் தலைப்பே 'காதல்'. சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, வந்த கவிதைகளில் தேறியவற்றை 1962-இல் 'புதுக்குரல்கள்' என்று தொகுத்ததெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். என் கைக்கு முதலில் கிடைத்தது மு. மேத்தாவின் 'கண்ணீர்ப் பூக்கள்', அதுவும் அட்டை போனது, நாலு பேர் அடிக்கோடிட்டது. அதைப் படித்துவிட்டு நான் கற்றுக்கொண்டதாக நினைத்தது ஒன்றே ஒன்று: வரியை உடைத்தால் கவிதை, உடைக்காவிட்டால் கடிதம். மேத்தாமேல் தவறில்லை, கற்றுக்கொண்டவன் நான்.

பாடுபொருளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே பெரியப்பாவின் கொல்லுப்பட்டறை. ஏர்க்கொழு அடிக்க, அரிவாளுக்குச் சாணை பிடிக்க, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட என்று பகலெல்லாம் அங்கே கூட்டம் இருக்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு உலை அணைந்ததும் பெரியம்மா டீயோடு வந்து திண்ணையில் உட்காருவார். இருவரும் குடிப்பார்கள். பேச்சு இருக்காது. ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை அப்போது இரண்டு லாரிகள் ஒன்றை ஒன்று உரசாமல் போகிற அளவுக்குத்தான் அகலம், சேலத்துக்கும் பெங்களூருக்கும் போகிற வண்டிகளின் ஓசை தேய்ந்து தேய்ந்து வரும், அதைக் கேட்டுக்கொண்டே டீ முடிந்துவிடும். காதல் என்றால் ஆணும் பெண்ணும் ஓடிப்பிடித்து விளையாடுவது என்று தர்மபுரிக் கொட்டகையில் பாடம் படித்திருந்த எனக்கு, இதுவும் காதல்தானோ என்று எப்படித் தோன்றியது என்று இன்றும் புரியவில்லை, ஆனால் தோன்றியது. தோன்றிய வேகத்தில் எழுதிய கவிதை இது:

உன் கோப்பையில்
இருப்பது
தேநீர் அல்ல...
தேன் நீர்!
ஆவி பறப்பது
அதிலிருந்தா?
என்
ஆவியிலிருந்தா?
அன்பே!
காதல்
ஒரு
சர்க்கரை!!

சிரித்து முடித்துவிட்டீர்களா? நான் இதை ஒரு வாரப் பத்திரிகைக்குத் தபால்தலை ஒட்டிய பதில் உறையோடு அனுப்பினேன். உறை மட்டும் மிக ஒழுங்காகத் திரும்பி வந்தது. உள்ளே கவிதையும் இருந்தது.

திரும்பி வந்ததைத் தமிழ் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் யாப்புக்காரர். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அப்படித் திட்டினால் நான் புரட்சிக்காரன் என்று ஆகிவிடும் என்றும் எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, இதையெல்லாம் ஒரே வரியா எழுதிப் படி" என்றார். படித்தேன். கவிதை போன இடம் தெரியவில்லை. "உடைச்சது எதுக்குன்னு வரிக்குத் தெரியணும். 'ஒரு'ங்கிறதைத் தனியா நிக்க வச்சிருக்கியே, அது என்ன தப்பு பண்ணுச்சு?" பிறகு, எழுந்து போகிறபோது போகிற போக்கில் கேட்டார்: "உங்க பெரியம்மா வீட்ல கோப்பை ஏது?"

கோப்பை இல்லை. இரண்டு எவர்சில்வர் டம்ளர். சர்க்கரையும் இல்லை. இதற்குமேல் அந்தத் திண்ணையை நான் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அன்று சாயங்காலம், கவிஞன் என்ற எண்ணத்தைக் கழற்றிவைத்துவிட்டுப் பார்க்கப் போனேன்.

ஒரே ஒரு பசு. சாயங்காலம் கறந்த பாலில் ஒரு ஆழாக்கை நிறுத்திக்கொண்டு மீதி சொசைட்டிக்குப் போய்விடும். அந்த ஆழாக்குக்குச் சமமாகத் தண்ணீர் சேர்த்து, பொட்டலத் தூளைக் கொட்டி, இரண்டு கொதி விட்டு இறக்குவார். வெல்லத்தைப் பாலோடு கொதிக்கவிட்டால் பெரும்பாலும் திரிந்துபோகும், திரிந்தால் இன்னொரு ஆழாக்குக்கு வழியில்லை. அதனால் டீ இனிப்பில்லாமலே வரும், வெல்லம் ஆளுக்கொரு துண்டாகத் தனியே வரும், அதைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். பெரியம்மா ஊற்றும்போது பெரியப்பாவின் டம்ளரில் ஒரு விரல் உயரம் கூடவே விழும். அவர் அதை எடுத்து உதட்டருகே கொண்டுபோய், "சுடுது" என்பார். அந்த ஒரு விரலை அப்படியே பெரியம்மா டம்ளரில் சாய்ப்பார். அதற்குப் பிறகுதான் இருவரும் குடிப்பார்கள்.

நாளெல்லாம் உலைக்கு முன்னால் நிற்கிற மனுஷர். காய்ந்த இரும்பு குறடு வழியாகக் கைக்கு ஏற்றுகிற சூட்டைச் சட்டை செய்யாதவர். நெடுஞ்சாலைக் கடையில் பாய்லர் டீயை இரண்டே மடக்கில் முடிக்கிறவர். அவருக்குச் சுடுகிறதாம்!

இதைப் பார்த்தேன், ஆனால் எழுத வரவில்லை. பார்த்ததும் எழுத வந்துவிட்டால் ஊரில் பாதிப்பேர் கவிஞர்கள். எழுத எழுத, 'அந்தப் பொய்யில்தான் எத்தனை அன்பு' என்று ஒரு வரி எங்கிருந்தோ வந்து கடைசியில் உட்கார்ந்துகொள்ளும். அடித்தால் அடுத்த நாள் 'சூடு தேநீரிலா, காதலிலா' என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். பல வருஷம் கழித்துப் புறநானூற்றை ஒழுங்காகப் படித்தபோதுதான் உள்ளூர்க்காரனான எனக்கு உள்ளூர்ச் சங்கதி விளங்கியது. 91-ஆம் பாட்டில் ஒளவை நெல்லிக்கனியைவிட வியப்பது, அதன் பலனைச் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு அஞ்சி கொடுத்ததைத்தான். சொல்லியிருந்தால் அது மருந்து. சொல்லாததால் பாட்டு. அவன் இறந்தபின் பாடிய 235-ஆம் பாட்டிலும் அவள் முதலில் நினைத்து அழுவது கள்ளைத்தான்: கொஞ்சமாக இருந்தபோது எப்படிக் கொடுத்தான், நிறைய இருந்தபோது எப்படிக் கூட உண்டான் என்பதை. எங்கள் ஊரின் மிகப் பழைய அன்புக் கணக்கே ஒரு பானத்தைப் பங்கு போட்ட கணக்கு. நான் அதே ஊரில் திண்ணைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு 'தேன் நீர்' என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது ஏழாம் நம்பர் சாலை நாற்பத்துநான்காம் நம்பர் ஆகி, நான்கு வழியாகி, லாரி ஓசை தேய்வதே இல்லை, ஒரே இரைச்சலாக நிற்கிறது. தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவர் கோயிலில் பூசணி விளக்கு போட வருகிற கார்கள் ஊர் எல்லை வரை நிற்கின்றன. ஏர் போய் டிராக்டர் வந்ததில் பட்டறை முதலில் பாதியானது, பிறகு சைக்கிள் நிறுத்துமிடமானது, இப்போது கைபேசிக்கு உறை விற்கிற கடை. டீக்கு மட்டும் பஞ்சமில்லை: இஞ்சி டீ, கிரீன் டீ, மண் கலயத்தில் டீ. கவிதைக்கும் பஞ்சமில்லை. அன்று வரியை உடைக்க ஓர் ஆணவம் தேவைப்பட்டது, இன்று கைபேசித் திரையின் அகலமே உடைத்துக் கொடுத்துவிடுகிறது. காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஆவி பறக்கும் கோப்பைப் படத்துக்குக் கீழே என் 1984-ஆம் வருஷக் கவிதையை யார் யாரோ எழுதி அனுப்புகிறார்கள். திருப்பி அனுப்பப் பதில் உறை இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், மின்சாரம் போன நேரத்தில், நாற்பது வருஷக் கவிதை இப்படி வந்து நின்றது:

பால் போனபின்
மிஞ்சிய ஆழாக்கில் டீ.
வெல்லம் தனியே.

அவர் டம்ளரில்
ஒரு விரல் அதிகம்.

உலையில் இரும்பு பிடித்த கை
'சுடுது' என்று
அந்த ஒரு விரலை
அவள் டம்ளரில் சாய்க்கிறது.

லாரி ஒன்று
கடந்து போகிறது.

ஐயா சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். 'உலையில் இரும்பு பிடித்த கை' என்பதற்குப் பிறகு ஒரு மூச்சு நின்றால்தான் 'சுடுது' பொய் என்று கேட்கிறது. ஒரே வரியாக ஓட்டினால் அது வெறும் புகார். ஆக அந்த இடத்து உடைப்புக்கு வேலை இருக்கிறது. 'வெல்லம் தனியே' ஏன் என்று வெளியூர்க்காரருக்குப் புரியாது, புரியாவிட்டாலும் டீ கெடாது. காதல் என்ற சொல் எங்கும் இல்லை, ஆச்சரியக்குறியும் இல்லை. என் ஆயுளில் முதல் தடவையாக ஒரு கவிதையை எழுதிவிட்டு எனக்கு வெட்கமாக இல்லை.

மனைவியிடம் கொடுத்தேன். பெரியம்மாவின் கடைசி இரண்டு வருஷம் கூட இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். படித்தாள். மடித்தாள். "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். பிறகு, "ஆனா பெரியம்மாவுக்கு டீயே பிடிக்காது, தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தெரியாது.

"குமட்டுமாம். அதான் அவருக்கு ஒரு விரல் கூட ஊத்திடுவாங்களாம். அந்த மனுஷன் பாசத்துல திருப்பி ஊத்திடுவாராம். எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னே முப்பத்தஞ்சு வருஷம் குடிச்சிருக்காங்க. அந்த வெல்லத்துண்டு இல்லைன்னா தொண்டையில இறங்கியிருக்காதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

இருபது வயசில் இதைக் கேட்டிருந்தால் இன்னும் எட்டு வரி சேர்த்து, நாலு ஆச்சரியக்குறி நட்டு, பதில் உறையோடு அனுப்பியிருப்பேன். இப்போது ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. பெரியம்மா முப்பத்தைந்து வருஷம் திண்ணையில் சொல்லாமல் வைத்திருந்ததை நான் கவிதையில் போட்டுடைக்க முடியாது. அந்த ஒரு விரல் டீ இரண்டு பக்கமும் போய் வந்தது என்று எனக்குத் தெரிகிறது, வரிக்கும் தெரிந்துவிட்டது போலத்தான் தோன்றுகிறது.

ஒரு தொந்தரவு மட்டும் மிச்சம். தினம் சாயங்காலம் மனைவி இரண்டு டம்ளரில் டீ கொண்டுவருகிறாள். இருபத்தாறு வருஷமாக. அன்றிலிருந்து என் டம்ளரில் எவ்வளவு இருக்கிறது, அவள் டம்ளரில் எவ்வளவு இருக்கிறது என்று ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருக்கிறேன். எனக்குத்தான் கூட இருக்கிறது. கேட்கவில்லை.